பாட்டுத் தேர்வு: ஒற்றை மதிப்பெண்ணா, வரிசை வரிசையாகவா?

சேலத்தில் நான் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் இந்த ஆண்டு செய்முறைத் தேர்வின் மதிப்பெண் தாளை மாற்றினோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: பாட்டைக் கேட்டுவிட்டு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவது, பிழைக்கு இவ்வளவு என்று கழிப்பது, அல்லது ரூப்ரிக் என்று ஆசிரியர்கள் சொல்லும் முறையில் சுருதி, தாளம், பாடம், உணர்வைக் காட்டும் பாவம் என நான்கு வரிசைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. என் சாய்வும் அதன் பக்கம்தான்.

கழிக்கும் முறையை முதலிலேயே தள்ளிவிட்டோம். சுவரங்களை அசைத்து இழைக்கும் கமகத்தோடு பாட முயன்று ஓரிடத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் கழிவு விழும். கமகமே இல்லாமல் தட்டையாகப் பாடியவருக்கோ ஒன்றும் குறையாது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஒற்றை மதிப்பெண்ணை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. ஏற்காட்டின் விடுதிப் பள்ளிகளில் படித்த, பியானோ வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பழக்கமான லண்டன் தேர்வு வாரியங்களே இதில் இரண்டு பட்டிருக்கின்றன. ஏபிஆர்எஸ்எம் ஒரு பாடலுக்கு 30-இல் ஒரே மதிப்பெண் தருகிறது. தேர்ச்சிக்குரிய 20-இல் தொடங்கி, கேட்டதைப் பொறுத்து மேலேயோ கீழேயோ நகர்த்துகிறார்கள். டிரினிட்டி ஒரு பாடலின் 22-ஐ 7, 7, 8 என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் முறை அங்கே செல்லுபடியாகக் காரணம், தேர்வாளர்கள் ஒரே அளவில் கேட்கப் பயிற்சி பெற்றிருப்பதுதான். நம் பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவர், வெளியிலிருந்து வருபவர் ஒருவர். இருவரும் அன்று காலையில்தான் அறிமுகமாகிறார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: இருவர் வேறுபடும்போது, எங்கே வேறுபடுகிறார்கள் என்று தாள் காட்டுகிறதா?

ஒரு மாணவி மோகன ராகத்தில் 'நின்னு கோரி' வர்ணத்தை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில் பாடினார். நான் 20-க்கு 17 போட்டேன். வெளியிலிருந்து வந்தவர் மிருதங்க ஆசிரியர், அவர் 13. பழைய தாளாக இருந்தால் கூட்டி வகுத்து 15 என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையை அழைத்திருப்போம். புதிய தாளில் சுருதியும் பாடமும் இருவருக்குமே 4. பாவத்தில் நான் 4, அவர் 3. தாளத்தில்தான் நான் 5, அவர் 2.

பதிவைத் திரும்பக் கேட்டோம். இரண்டாம் காலத்தில் வேகம் மெல்ல ஏறுகிறது, தாளம் போடும் கையும் பாட்டோடு சேர்ந்தே ஓடுகிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒன்றுகூட விடுபடவில்லை. ஒவ்வொரு ஆவர்த்தனமும் சரியாக முடிகிறது. நான் கையைப் பார்த்தேன், அவர் வேகம் சீராக நிற்கிறதா என்று காலப்பிரமாணத்தைக் கேட்டார். "கை தப்பவில்லை டீச்சர், ஆனால் தொடங்கிய நடை எங்கே?" என்றார். இருவர் சொன்னதும் சரி. தாளில் 'தாளம்' என்று மட்டும் அச்சடித்திருந்ததுதான் சிக்கல்.

ஆகவே எண்களுக்குப் பக்கத்தில் வாக்கியங்களை எழுதினோம். தாளத்தில் 5 என்றால் இரண்டு காலத்திலும் நடை மாறவில்லை. 4 என்றால் ஓரிடத்தில் இழுபட்டு, தானே சரிசெய்துகொண்டார். 3 என்றால் கை தப்பவில்லை, வேகம் ஓடுகிறது. 2 என்றால் கை தப்பி, மறுபடி பாட்டு தொடங்கும் எடுப்பைப் பிடித்தார். 1 என்றால் பிடிக்கவே இல்லை. அந்த மாணவிக்கு இருவரும் தாளத்தில் 3 போட்டோம். என் மொத்தம் 15, அவருடையது 14. வாக்கியம் இல்லாத வரிசைகள் ஒற்றை மதிப்பெண்ணை நான்காக வெட்டியதுபோலத்தான்; அந்த வேலைக்குப் பழைய தாளே போதும்.

இதோடு சில விதிகளும் சேர்ந்தன. இருவரும் பேசிக்கொள்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். எந்த வரிசையிலாவது இரண்டோ அதற்கு மேலோ வேறுபட்டால் பதிவைக் கேட்க வேண்டும். ஒரு பிழைக்கு ஒரு வரிசையில்தான் குறைக்கலாம்: மேல் ஷட்ஜம் எட்டாமல் நின்றுபோன பிள்ளைக்குச் சுருதியில் குறைத்த பிறகு, அதே இடத்துக்காகத் தாளத்திலும் பாவத்திலும் கை வைக்கக் கூடாது. குரல் உடையும் வயதுப் பையன்கள் சுருதிக் கட்டையை இறக்கிக்கொண்டு பாடலாம், அதற்குக் குறைப்பில்லை. இந்தத் தாள் பருவத் தொடக்கத்திலேயே பிள்ளைகள் கையில் இருக்கும். 'ஏன் குறைந்தது?' என்று கேட்டு வரும் பெற்றோருக்கு இப்போது வரிசையைத் தொட்டுக் காட்ட முடிகிறது.

பாவத்துக்கு மட்டும் இன்னும் நல்ல வாக்கியம் அமையவில்லை. 4-க்கும் 3-க்கும் இடையே நாங்கள் எழுதியிருப்பது மங்கலாகவே இருக்கிறது. அந்த வரிசையில் ஒரு மதிப்பெண் வேறுபாட்டை அப்படியே விட்டு, சராசரி எடுக்கிறோம். வாய்ப்பாட்டில் மட்டுமே பழகிய தாள் இது. வீணைக்கு மீட்டும் விரலுக்கென்று ஒரு வரிசை கூடுதலாக வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மிருதங்கத் தேர்வுக்கான தாளை அந்த மிருதங்க ஆசிரியரையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம்.