"மீதியை நீங்கதான் கட்டணும்" என்று சொல்லி நிறுத்திவிடும் பில் கவுன்ட்டர்: ஏமாறாதீர்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பித்தப்பைக் கல் அறுவைக்காகச் சென்ற குடும்பத்துக்கு நடந்தது இது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். தொகைகளை முழு எண்ணாக்கித் தந்திருக்கிறோம்.

பாலிசி 3 லட்சம். அறை வாடகைக்கு அதில் நாளுக்கு 1%, அதாவது 3,000 ரூபாய்தான் வரம்பு. அட்மிஷனின்போது இதை யாரும் சொல்லவில்லை. 5,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தார்கள். மொத்த பில் 1,36,000. டிஸ்சார்ஜ் அன்று கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "இன்சூரன்ஸ்ல 78,000தாம்மா அப்ரூவ் ஆயிருக்கு. 58,000 உங்க பங்கு. அட்வான்ஸ் 20,000 போக 38,000 கட்டிடுங்க. இல்லைன்னா இ.எம்.ஐ. போட்டுடலாம்."

இதில் பொய் எதுவுமில்லை. விளக்கமும் இல்லை.

அந்த 58,000 எப்படி வந்தது? வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள். 5,000-க்கு 3,000 என்றால் 60%தான் கிடைக்கும். அதே விகிதத்தில் மற்ற கட்டணங்களிலும் மீதி 40%-ஐ வெட்டுவார்கள். இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். இங்கே மொத்த பில்லிலும் அப்படி வெட்டியிருந்தார்கள். தவறு அங்கேதான். மருந்து, உபயோகப் பொருட்கள், உடலுக்குள் வைக்கும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்தக் கழிவு கூடாது என்று 2020-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கிடையாது. எந்த அறையில் படுத்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் கழிவுக்கே இடமில்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் கவுன்ட்டரில் கேட்பவர்கள் மிகக் குறைவு.

சரியாகப் போட்டால் கணக்கு இப்படி வரும். அறை வாடகை 20,000-ல் 8,000 நம் பங்கு. டாக்டர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 70,000. அதில் 40%, 28,000. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, பாலிசி தராத பொருட்கள் 6,000. ஆக 42,000. மருந்து 25,000, பரிசோதனை 15,000 இரண்டும் முழுதாகக் கிடைக்க வேண்டியவை. அந்த 40,000-லும் 40% வெட்டியதால்தான் 16,000 கூடிவிட்டது. அட்வான்ஸ் போகக் கட்ட வேண்டியிருந்தது 22,000தான்.

கவுன்ட்டரில் இருப்பவர் பேசியிருக்க வேண்டிய விதம் இது: "அம்மா, உங்க பங்குல மூணு பகுதி இருக்கு. ரூம் வித்தியாசம் 8,000. அதனால டாக்டர், தியேட்டர் சார்ஜ்ல 28,000. பாலிசி தராத பொருள் 6,000. மருந்து, டெஸ்ட்ல 16,000 பிடிச்சிருக்காங்க, அது சரியில்லை. திருப்பி அனுப்பியிருக்கோம், பதில் வர்ற வரைக்கும் உட்காருங்க." அரை நிமிடப் பேச்சு. பெரும்பாலும் இதைச் சொல்லாததற்குக் காரணம் சதி அல்ல. இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு வந்த அப்ரூவல் கடிதத்தில் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, கழிவுப் பட்டியலைப் படிக்காமல் பில் கவுன்ட்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எனவே பணம் கட்டுமுன் இரண்டு தாள்களைக் கேளுங்கள்: இனவாரியான பில், காரணங்களோடு கூடிய இறுதி அப்ரூவல் கடிதம். பக்கத்தில் பக்கமாக வைத்து, மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் எதிரே கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். "இன்னொரு நாள் வாடகை ஏறும்" என்பார்கள். மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2024 விதி.

அடுத்து இ.எம்.ஐ. இது மருத்துவமனை தரும் தவணை அல்ல, நிதி நிறுவனத்தின் கடன். 38,000-க்குக் கையெழுத்துப் போட்டபின் அந்த 16,000 திரும்பி வந்தாலும் தவணை தானாகக் குறையாது. "வட்டியில்லை" என்றாலும் செயலாக்கக் கட்டணம் 2% என்றால் 760 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. கடனின் முக்கிய விவரத் தாளில் ஆண்டு விகிதம் என்ற வரி இருக்கும். அதைப் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். தகராறு இல்லாத 22,000-ஐ மட்டும் இரண்டு தவணையாக மருத்துவமனையிடமே கட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் தேதியோடு எழுதி முத்திரை வாங்குங்கள்.

வேறு வழியின்றி முழுதும் கட்டிவிட்டீர்களா? ரசீதோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, அடுத்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. கடலூரும் புதுச்சேரி நகரமும் காரைக்காலும் அந்த அலுவலகத்தின் கீழ்தான் வருகின்றன. மாஹேக்காரர்கள் கொச்சிக்கும் யானம்காரர்கள் ஹைதராபாத்துக்கும் எழுத வேண்டும்.