சப்ளையர் ஸ்டேட்மென்ட்டின் புகைப்படம்: நிலுவை வித்தியாசத்தைத் தேடுவதா, பில் எண்ணை ஒப்பிடுவதா?

சப்ளையர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் நிலுவை ரூ.1,84,500 என்றும் நம் லெட்ஜரில் ரூ.1,61,300 என்றும் இருந்தால், வித்தியாசமான ரூ.23,200-க்கு பில் ஏதும் இருக்கிறதா என்று தேடுவது முதல் வழி. ஒரே ஒரு பில் விடுபட்டிருந்தால் வேலை உடனே முடிந்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் நாம் அனுப்பிய ரூ.15,000 அவர்கள் கணக்கில் ஏறாமலும், ரூ.8,200 பில் ஒன்று நம்மிடம் பதிவாகாமலும் இருந்தால், அந்தத் தொகையில் பில்லே கிடைக்காது.

எல்லா வரிகளையும் எக்செலில் தட்டச்சு செய்து பில் எண்ணை ஒப்பிடுவது இரண்டாவது வழி. நேரம் பிடித்தாலும் நான் நம்புவது இதைத்தான். தொடக்க நிலுவையுடன் பில்களைக் கூட்டி, செலுத்திய தொகைகளைக் கழித்தால், படத்திலுள்ள இறுதி நிலுவை வர வேண்டும். தொகையில் மங்கலான 3-ஐ 8 என்று படித்திருந்தாலோ, ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டிருந்தாலோ வராது. பிறகு, அவர்களின் எண்கள் A பத்தியிலும் நம்முடையவை D பத்தியிலும் இருக்க:

```
=COUNTIF(D:D,A2)
```

0 வந்தால் அந்த பில் நம்மிடம் இல்லை. "412" என்பதை நாம் "412/24-25" என்று பதிந்திருந்தாலும் 0 வரும் என்பதால், தேதியையும் தொகையையும் பார்த்த பிறகே பில் நகலைக் கேட்டு, சரக்கு வரவுடன் சரிபார்த்துப் பதிய வேண்டும்.