அக்குள் எரிச்சலுக்கு அலுமினியமா காரணம்? டியோவையும் வேர்வையைக் குறைக்குற ரோல்-ஆனையும் வெச்சு ஒரு அலசல்

என் தங்கச்சி சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில சேல்ஸ்ல நிக்கறா. காலைல ஒம்பதரைல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் பாலியஸ்டர் யூனிஃபார்ம் சேலை, லைனிங் வெச்ச பிளவுஸ். பங்குனி கடைசில ஒரு நாள் வீட்டுக்கு வந்தவ "கையத் தூக்க முடியலக்கா, எரியுது"ன்னு உக்காந்துட்டா. பார்த்தா ரெண்டு அக்குளும் குழிக்குள்ள செவந்து பொடிப்பொடியா தடிச்சுக் கெடக்கு. கூட வேலை செய்யற புள்ளைங்க எல்லாம் ஒரே குரல்ல "டியோவுல அலுமினியம் இருக்கும்டி, அதான் தோலைத் தின்னுருச்சு"ன்னு சொல்லியிருக்காங்க.

அவ ரெண்டு வருசமா அடிச்சிட்டிருந்த பாடி ஸ்ப்ரே டப்பாவ எடுத்து பின்னாடி பொடி எழுத்துல இருக்கறத ஒவ்வொன்னா படிச்சேன். ஆல்கஹால், தள்ளி அடிக்கறதுக்கான கேஸ், அப்புறம் பெர்ஃப்யூம். அவ்வளவுதான், அலுமினியம்ங்கற பேச்சே இல்ல. செய்யாத குத்தத்துக்கு அலுமினியத்து மேல பழி. நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இதுதான் நடக்குது, ஏன்னா டியோவும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டும் ஒன்னுன்னே நெனைச்சுக்கறோம், கடைக்காரரும் ரெண்டையும் ஒரே ரேக்குல தான் அடுக்கி வெக்கறாரு.

ரெண்டும் செய்யற வேலையே வேற. நம்ம வேர்வைக்கு தன்னால பெருசா வாசன கெடையாது. அக்குள்ல இருக்கற ஒரு வகை சுரப்பி கொஞ்சம் கொழகொழன்னு ஒன்ன விடுது, தோல் மேல வாழற பாக்டீரியா அதத் தின்னு ஒடைக்கும்போதுதான் அந்த வெங்காய நாத்தம் கெளம்புது. டியோ அந்த பாக்டீரியாவ கொறைக்கும், கூடவே பெர்ஃப்யூம் போட்டு மூடும், ஆனா வேர்வைய தொடாது, பிளவுஸ் நனையறது நனையத்தான் செய்யும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட்ல இருக்கற அலுமினிய உப்பு வேர்வையவே கொறைக்கும், ஈரம் கொறைஞ்சா நாத்தமும் கொறையும். ஒரு குழப்பம் என்னன்னா நம்ம ஊர்ல விக்கற சில ரோல்-ஆன் மேல டியோடரன்ட்னு தான் போட்டிருக்கும், பின்னாடி திருப்புனா அலுமினியம் குளோரோஹைட்ரேட்னு இருக்கும். அதனால முன் பக்கத்த நம்பாதீங்க, பின்னாடி பாருங்க.

அந்த அலுமினிய உப்பு உள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தான் எப்பப் போடணும்னு புரியும். உப்பு வேர்வைல கரைஞ்சு குழாய் வாய்க்குள்ள கொஞ்ச தூரம் போகுது, அங்க தண்ணியோடயும் வேர்வைல இருக்கற புரதத்தோடயும் சேர்ந்து பாகு மாதிரி கெட்டியாகி ஒரு சின்ன அடைப்பா நிக்குது. அது நிரந்தரம் இல்ல, மேல் தோல் உதுந்து புதுசாகும்போது சில நாள்ல தானா வெளிய போயிரும். வேர்வை முழுசா நின்னுடும்னும் நெனைக்க வேணாம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விதிப்படி, போடறவங்கள்ல பாதிப் பேருக்காவது வேர்வை 20 சதவீதம் கொறைஞ்சா அத ஆன்டிபெர்ஸ்பிரன்ட்னு விக்கலாம், இன்னும் பலமானதுன்னு போட்டுக்கணும்னா 30 சதவீதம் கொறையணும்.

இப்ப தங்கச்சி கதைக்கு வரேன். நான் டப்பாவ படிச்சு சொல்றதுக்குள்ளயே அவ ஆன்லைன்ல "அலுமினியம் இல்லாத இயற்கை" ஸ்டிக் ஒன்னு ஆர்டர் போட்டுட்டா. நாலே நாள்ல எரிச்சல் ரெண்டு மடங்காகி தோல் உரிய ஆரம்பிச்சிருச்சு. அந்த ஸ்டிக்ல தேங்கா எண்ணெய், மாவு, பேக்கிங் சோடா, அதாவது நம்ம ஆப்ப சோடா. நம்ம தோல் லேசா அமிலத் தன்மையோட இருந்தாத்தான் அதோட காவல் சரியா நிக்கும், பிஹெச் கணக்குல 5, 6 பக்கம். ஆப்ப சோடா 8-க்கு மேல. ஏற்கனவே புண்ணா இருக்கற எடத்துல, ஈரத்துல, மூடி வெச்ச குழியில அதப் போட்டு நாள் முழுக்க தேய்ஞ்சா என்ன ஆகும்? பேர்ல இயற்கைன்னு இருக்கறதால தோலுக்கு ஒத்துக்கும்னு அர்த்தம் இல்லைங்க, எனக்கு இதுல உண்மையிலயே கோவம் வருது, அவ ரெண்டு ராத்திரி தூங்கல.

தோல் டாக்டர்கிட்ட போனோம். அவங்க மொதல்ல பார்த்தது தடிப்பு எங்க இருக்குங்கறததான். நடுக் குழியில இருந்தா பூசற பொருள் மேல சந்தேகம். குழிய விட்டுட்டு சுத்தி ஓரத்துல, துணி உரசற எடத்துல மட்டும் இருந்தா பிளவுஸ் துணியோ சாயமோ காரணமா இருக்கலாம். இவளுக்கு நடுக் குழி. அப்புறம் கேட்ட கேள்வி, ஷேவ் பண்றது எப்ப, ஸ்ப்ரே அடிக்கறது எப்ப? ரெண்டும் காலைல குளிக்கும்போது, அஞ்சு நிமிச இடைவெளில. பிளேடு பட்ட தோல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், அதுல ஆல்கஹாலும் பெர்ஃப்யூமும் நேரா இறங்குது. எதையுமே பூசாத, சோப்பு கூட அங்க கம்மியா போடுன்னு சொல்லி, ஒரு லேசான ஸ்டீராய்டு கிரீம் கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுத்தாங்க. அந்த கிரீம மெடிக்கல்ல நாமளா வாங்கி மாசக்கணக்கா போடக் கூடாது, அக்குள் மாதிரி மடிப்புத் தோல் அதுல சீக்கிரம் மெலிஞ்சு போயிரும்.

மூணு வாரத்துல தோல் தேறிருச்சு. அப்புறம் தான் ஒரு சின்ன டெஸ்ட். முழங்கை உள் மடிப்புல ஒரு அஞ்சு ரூபா காசு விட கொஞ்சம் பெரிய வட்டம், காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ, கழுவாம, ஒரு வாரம் பத்து நாள். இடது கையில பழைய ஸ்ப்ரேவ பஞ்சுல நனைச்சு, வலது கையில வாசன சேர்க்காத ரோல்-ஆன், அலுமினியம் குளோரோஹைட்ரேட் இருக்கறது. நாலாவது நாள் இடது கை அரிச்சு பொரிப்பொரியா வந்துருச்சு, அதோட அத நிறுத்திட்டோம். வலது கை பத்து நாளும் சுத்தம். அப்ப பெர்ஃப்யூம் மேலதான் சந்தேகம் கூடுது, அக்குள்ல பூசற பொருள்னால வர்ற அலர்ஜில அடிக்கடி மாட்டறதும் பெர்ஃப்யூம் தான், எந்த வாசனப் பொருள்னு துல்லியமா தெரியணும்னா தோல் டாக்டர் முதுகுல ஒட்டிப் பார்க்கற பேட்ச் டெஸ்ட் தான் வழி. இன்னொன்னு, இந்த வீட்டு டெஸ்ட் அலர்ஜிய காட்டும், ஆனா ஆப்ப சோடா மாதிரி வெறும் எரிச்சல் சமாச்சாரம் காஞ்ச முழங்கையில ஒன்னும் பண்ணாம ஈரமான அக்குள்ல போனதும் வேலையக் காட்டலாம். அதனால கையில தேறுனாலும் மொதல்ல ஒரு பக்க அக்குள்ல மட்டும் போட்டுப் பாருங்க.

வாங்கும்போது "அன்சென்டட்"னு இருந்தா ஏமாந்துறாதீங்க, மூல வாசனைய மறைக்கறதுக்குன்னே அதுல பெர்ஃப்யூம் போட்டிருக்கலாம், "ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ"ன்னு இருக்கா, பின்னாடி பட்டியல்ல பெர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ்ங்கற வார்த்த இல்லையான்னு பாக்கணும்.

ரோல்-ஆன் தோலுக்கு ஒத்துக்கிச்சு, ஆனா மொத வாரம் "ஒன்னும் வேலை செய்யலக்கா"ன்னு சொன்னா. காலைல குளிச்சிட்டு ஈரத்தோட பூசி, உடனே பஸ் ஏறி, வெயில்ல நிக்கறா. வேர்வை ஓடிட்டிருக்கும்போது உப்பு குழாய்க்குள்ள போக முடியாது, வெளிய தள்ளிட்டு வந்துரும். அப்பதான் லீவு போட்டு ஏற்காட்டுல சித்தி வீட்டுக்கு நாலு நாள் போனோம். மேல ராத்திரி சில்லுன்னு இருக்கு, அக்குள் காஞ்சு கெடக்கு, படுக்கப் போகும்போது பூசச் சொன்னேன். நாலு ராத்திரி போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து அடுத்த நாள் கடைல நின்னப்ப அவளுக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. சேலத்துலயும் இதச் செய்யலாம், ராத்திரி மேலு கழுவி, துண்டால ஒத்தி எடுத்து, ஃபேன் கீழ பத்து நிமிசம் கையத் தூக்கி காய விட்டு, மெல்லிசா ஒரு பூச்சு. காலைல குளிச்சாலும் உள்ள இருக்கற அடைப்பு போகாது. ஒரு வாரம் தெனமும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி போதும்.

இதவிட பலமானது அலுமினியம் குளோரைடு, 20 சதவீதம் வரைக்கும் வரும், சும்மா உக்காந்திருந்தாலே சட்ட சொட்டச் சொட்ட நனையறவங்களுக்கு டாக்டர் எழுதறது. ஈரம் பட்டா அதுல ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், அதான் எரியுது. குளோரோஹைட்ரேட்ல அந்த அமிலம் பெரும்பாலும் தணிஞ்சிருக்கும். சென்சிடிவ் அக்குளுக்கு நானா போய் அந்த குளோரைட வாங்க மாட்டேன்.

ஏற்காட்டுல சித்தி "செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைல படிகாரம் வாங்கித் தேய்டி, எந்த கெமிக்கலும் வேணாம்"னாங்க. படிகாரம் நல்ல பொருள் தான், பாக்டீரியாவக் கொறைக்கும், பெர்ஃப்யூம் இல்ல, வெல மலிவு. ஆனா அதுவே அலுமினிய உப்பு, பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். கிரிஸ்டல் டியோன்னு "அலுமினியம் ஃப்ரீ" லேபிளோட விக்கறாங்க பாருங்க, அது தப்பு. வேர்வைய பெருசா அடக்காது, அதனால டியோ பக்கம்தான் சேர்க்கணும். நாத்தம் மட்டும் தான் பிரச்சன, ஈரம் பரவாயில்லங்கறவங்களுக்கு என் வோட்டு இதுக்குத்தான், கல்ல நல்லா நனைச்சு, கூர் முனை படாம, ஷேவ் பண்ணாத நாள்ல.

அப்பறம், ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போட்டா மார்பக கேன்சர் வரும்ங்கற அந்த பயம். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் வெச்சு 2002-ல வெளியான ஆய்வுல ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியல. தோல் வழியா உள்ள போற அலுமினியமும் ரொம்ப ரொம்ப கம்மி. கிட்னி சரியில்லாதவங்க, டயாலிசிஸ்ல இருக்கறவங்க மட்டும் டாக்டரக் கேக்காம போட வேணாம், ஏன்னா ஒடம்புல இருக்கற அலுமினியத்த வெளியேத்தறது கிட்னிதான். மார்பக எக்ஸ்ரே, அதாவது மேமோகிராம் எடுக்கற அன்னைக்கும் வேணாம், படத்துல சின்னச் சின்ன சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரிஞ்சு குழப்பும்.

இப்ப தங்கச்சி ஞாயித்துக் கெழம ராத்திரி ஷேவ் பண்றா, திங்கள் எதுவும் பூசறதில்ல, செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி ரோல்-ஆன். கடைல பர்மிஷன் கேட்டு பிளவுஸ் லைனிங்க காட்டன்ல மாத்திக்கிட்டா. எரிச்சல் திரும்ப வரல, அந்த ஸ்டிக் விட்டுட்டுப் போன கருப்பு மட்டும் இன்னும் மெதுவாத்தான் கொறைஞ்சிட்டிருக்கு.