ஹேண்டோவர் ஆவணத்தைச் சுருக்க மூன்று வழிகள்: பொறுப்பேற்பவருக்கு எது உதவும்?

வேலையை விட்டுப் போகிறவர் எழுதும் ஹேண்டோவர் ஆவணம், அவர் மனதில் வேலை எப்படி அடுக்கியிருக்கிறதோ அப்படித்தான் இருக்கும். அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எதை முதலில் எடுப்பது, எது பாதியில் நிற்கிறது, யாரைக் கூப்பிடுவது? இதற்காக ஆவணத்தைச் சுருக்குபவர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒரே உதாரணத்தை மூன்றிலும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆவணம் 18 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் 3-இல், "மென்பொருள் உரிமம் ரினியூவல் போய்க்கொண்டிருக்கிறது" என்று ஒரு வரி. பக்கம் 11-இல், "புது கொட்டேஷன் வந்துவிட்டது, அப்ரூவலுக்கு அனுப்பியாச்சு." பக்கம் 16-இல் தொடர்பு அட்டவணை, அதில் அந்த வெண்டரின் விற்பனைப் பிரிவு எண்ணும் சப்போர்ட் எண்ணும் இருக்கின்றன. ஒப்பந்தம் ஜூலை 31-இல் முடிகிறது. வேண்டாம் என்றால் 45 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பழைய விலையிலேயே இன்னொரு ஆண்டு ஓடும் என்ற நிபந்தனை இணைப்பில் இருக்கிறது.

முதல் வழி, பக்க வரிசையிலேயே சுருக்குவது. 18 பக்கம் 3 பக்கமாகும், எதுவும் விடுபட்டதாகத் தோன்றாது. ஆனால் பக்கம் 3-இன் வரியும் பக்கம் 11-இன் வரியும் சுருக்கத்திலும் தனித்தனியாகவே கிடக்கும். இணைப்பை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, எழுதியவர் எதற்கு நாலு பக்கம் கொடுத்தாரோ அதுவே முக்கியம் என்ற தோற்றம் வந்துவிடுவது. அவர் நீட்டி எழுதியது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலையாக இருக்கலாம். அவசரமானது ஒற்றை வரியில் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது வழி, முன்னுரிமை, நிலுவை, தொடர்புகள் என்று மூன்று தலைப்பில் பிரிப்பது. மேலாளர்கள் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான், படிக்கவும் சுலபம். சிக்கல் பிரிக்கும் இடத்தில் வருகிறது. நம் உரிமம் "நிலுவை: ரினியூவல்" என்று ஒரு பட்டியலில் விழும், வெண்டர் எண்கள் இன்னொன்றில். விலை பேச விற்பனைப் பிரிவா, சப்போர்ட்டா? அப்ரூவல் யார் மேஜையில் நிற்கிறது? மூன்று பட்டியலையும் வைத்துக்கொண்டு புதியவர்தான் முடிச்சுப் போட வேண்டும்.

மூன்றாவது வழியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே வரி; கடைசியாக என்ன நடந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, அடுத்த அடி என்ன, எந்தத் தேதிக்குள், யாரிடம் பேச வேண்டும் எல்லாம் அதிலேயே. அப்ரூவல் யாரிடம் நிற்கிறது என்று போகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், நம் உதாரணம் இப்படி வரும்:

"மென்பொருள் உரிமம்: புது கொட்டேஷன் நிதிப் பிரிவில் அப்ரூவலுக்கு நிற்கிறது. முடிவு ஜூன் 16-க்குள் வேண்டும். தவறினால் பழைய விலையில் ஓராண்டு தானாக நீளும். அப்ரூவலுக்கு நிதிப் பிரிவு மேலாளர், விலைக்கு வெண்டரின் விற்பனைப் பிரிவு."

ஜூலை 31 இங்கே ஜூன் 16 ஆகிவிட்டதைக் கவனியுங்கள். ஆவணத்தில் எழுதியிருப்பது ஒப்பந்தம் முடியும் தேதி. புதியவருக்கு வேண்டியது செயல்பட வேண்டிய தேதி. முன்னுரிமையை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த வழியின் குறை, அதற்கு ஆகும் நேரம். வேலைகள் நாற்பதைத் தாண்டினால் ஒரே பார்வையில் எதுவும் பிடிபடாது.

என் தேர்வு, மூன்றாவது வழியில் தயாரித்து இரண்டாவது வடிவத்தில் கொடுப்பது. முதலில் வரி வரியாக எழுதிவிட்டு, செயல்பட வேண்டிய தேதிப்படி அடுக்குங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் கைவைக்க வேண்டியவை முன்னுரிமை, மற்றவை நிலுவை. ஆளும் தேதியும் அந்தந்த வரியிலேயே இருக்கட்டும். தொடர்புப் பட்டியலைப் பெயர் வரிசையில் போடாமல், "எதற்கு இவர்" என்ற வரிசையில் போடுங்கள். கடவுச்சொற்களைச் சுருக்கத்தில் எழுத வேண்டாம். அணுகலை யார் தருவார் என்பது போதும். போகிறவரின் கைபேசிக்கு ஓடிபி வரும் கணக்குகளை மட்டும் கட்டாயம் முன்னுரிமையில் சேருங்கள், அவர் போன பிறகு அவற்றுக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

வரி வரியாக எழுதும்போது இன்னொன்றும் கிடைக்கிறது. "போய்க்கொண்டிருக்கிறது", "சொல்லியாச்சு", "கிட்டத்தட்ட முடிந்தது" போன்ற சொற்கள் வந்தால் "இப்போது யாரிடம்" என்ற இடம் காலியாக நிற்கும். அந்தக் காலி இடங்கள்தான் போகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அதனால் சுருக்கத்தை அவருடைய கடைசி நாளுக்கு விடாமல், ஒரு வாரம் முன்பே அவர் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே போய்விட்டார் என்றால் ஊகித்து நிரப்பாதீர்கள். "உறுதி செய்யவில்லை" என்று எழுதி, யாரிடம் கேட்டால் தெரியும் என்பதைப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.