விபத்து அறிவிப்பு: அன்றே அனுப்புவதா, விசாரித்து அனுப்புவதா?

இரண்டாம் மாடி சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுந்து கை முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே உரிமையாளருக்கு ஒப்பந்ததாரர் அனுப்பும் அறிவிப்பில் நேரம், இடம், காயம், சிகிச்சை, வேலை நிறுத்திய பகுதி இவை போதும். காரணம் எழுத வேண்டாம். அவசரத்தில் "கவனக்குறைவு" என்றுதான் எழுதுவோம். அப்புறம் அதை மாற்றுவது கஷ்டம்.

ஒரு வாரம் விசாரித்து எழுதும் அறிக்கையில்தான் உண்மை வரும்: செங்கல் ஏற்றுவதற்காகத் தடுப்புக் குழாயைக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. திருத்த நடவடிக்கையும் அப்போது மாறிவிடும். "அறிவுரை கூறப்பட்டது" என்ற வரி போய், பொருள் ஏற்றத் தனி வழி, தினமும் காலையில் சாரத்தைப் பார்த்துக் கையெழுத்திட ஒருவர், முடிக்கும் தேதி என்று வரும். ஆனால் அதுவரை காத்திருந்தால் சாரத்தையே பிரித்துவிடுவார்கள்.

என் தேர்வு, அன்றைய அறிவிப்புதான். புகைப்படங்களோடு, முழு அறிக்கை தரும் தேதியையும் குறித்து.