விடுப்பை இப்போதே பணமாக்குவதா, வேலையை விடும் நாள்வரை சேர்த்து வைப்பதா?

என் மைத்துனர் கோவையில் ஒரு தனியார் ஆலையில் 22 ஆண்டுகளும் 5 மாதங்களும் வேலை பார்த்தவர். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 78,000 ரூபாய். ஆண்டு வருமானம் 17 லட்சத்தைத் தாண்டுகிறது. சொந்தத் தொழில் தொடங்குவதற்காக ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணக்கில் 240 நாள் ஈட்டிய விடுப்பு இருந்தது. கடைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்ததால் அதில் 120 நாளை உடனே சரண்டர் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தார். வேண்டாம் என்று தடுத்தேன்.

பணியில் இருக்கும்போது விடுப்பை ஒப்படைத்து வாங்கும் பணம் முழுக்க முழுக்கச் சம்பளம்தான். அரசு ஊழியருக்கும் இதில் சலுகை கிடையாது. 120 நாளுக்கு 3,12,000 ரூபாய் கைக்கு வரும். புதிய வரி முறையில் அது அவருக்கு 20 சதவீத அடுக்கில் விழுகிறது. 4 சதவீதத் தீர்வையும் சேர்த்தால் 64,896 ரூபாய் வரியாகப் போய்விடும்.

அதே 120 நாளை வைத்திருந்து, மொத்தம் 240 நாளையும் விலகும்போது வாங்கினால் 6,24,000 ரூபாய். அரசு ஊழியராக இருந்தால் ஓய்வின்போது வரும் இந்தத் தொகைக்கு முழு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு நான்கு அளவுகளில் எது குறைவோ அதுவரை விலக்கு: கையில் வாங்கிய தொகை, கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தின் பத்து மடங்கு, ஆண்டுக்கு 30 நாளுக்கு மிகாமல் கணக்கிட்ட மீத விடுப்பின் மதிப்பு, 25 லட்சம் ரூபாய். இவருக்குப் பத்து மாதச் சம்பளமே 7,80,000 வருகிறது. ஆகவே 6,24,000 முழுவதற்கும் வரி இல்லை. இந்த விலக்கைப் பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் பெறலாம்.

“ராஜினாமா செய்தால் ஓய்வு ஆகாதே?” என்று கேட்டார். பலருக்கும் உள்ள சந்தேகம் இது. சட்டத்தில் ‘வயது முதிர்வாலோ வேறு விதத்திலோ’ ஓய்வு பெறுவது என்றுதான் இருக்கிறது. ராஜினாமாவும் அதில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1980-களிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பொதுத்துறை நிறுவனத்தாரும் வங்கி ஊழியர்களும் இதில் அரசு ஊழியர் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் 25 லட்ச வரம்புதான். 2023 ஏப்ரலுக்கு முன்பு அது வெறும் 3 லட்சமாக இருந்தது. இந்த வரம்பு ஆயுளுக்கு ஒன்று. முந்தைய நிறுவனத்தில் விலக்குப் பெற்றதைக் கழித்துக்கொண்டு மீதிதான் கிடைக்கும்.

சேர்த்து வைப்பதே எப்போதும் லாபம் என்று சொல்லமாட்டேன். சில நிறுவனங்களில் குறிப்பிட்ட நாளுக்கு மேல் சேரும் விடுப்பு காலாவதியாகிவிடும். அங்கே வரி கட்டியாவது வாங்கிவிடுவதுதான் சரி. 360 நாள் சேர்த்தவருக்கும் பத்து மாதத்துக்கு மேற்பட்ட 60 நாளின் பணம் வரிக்கு உட்படும். அந்த 60 நாளை உண்மையாகவே விடுப்பாக எடுத்து வீட்டோடு இருப்பதைத்தான் நான் சொல்வேன்.

விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையில் தேதிதான் பெரிய விஷயம். பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனத்தில், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். இவருக்கு அது 45,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும். அன்றே விலகியிருந்தால் 22 ஆண்டுக்கு 9,90,000. இரண்டு மாதம் பொறுத்து, 22 ஆண்டு 7 மாதத்தில் விலகினால் 23 ஆண்டுக்கு 10,35,000. 20 லட்சத்துக்குள் இருப்பதால் இதற்கும் வரி இல்லை.

அந்தச் சட்டத்தின்கீழ் வராத நிறுவனமாக இருந்தால் விலக்கு சுருங்கிவிடும். சராசரிச் சம்பளத்தில் பாதியை, முழுதாக முடிந்த ஆண்டுகளால் மட்டும் பெருக்குவார்கள். 39,000 வீதம் 22 ஆண்டுக்கு 8,58,000 ரூபாய்தான். நிறுவனம் மனமுவந்து 10,35,000 கொடுத்தாலும் 1,77,000 ரூபாய்க்கு வரி உண்டு.

மைத்துனர் கடிதத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். முன்பணத்துக்கு நகையை அடகு வைத்துச் சமாளித்தார். விலகிய பிறகு வந்த படிவம் 16-இல் 6,24,000 ரூபாயும் சம்பளத்தோடு சேர்ந்திருந்தது. விடுப்புச் சம்பள விலக்குக்கான இடத்தில் பூஜ்யம். ராஜினாமா என்றதும் கணக்குப் பிரிவில் வரி பிடித்துவிட்டார்கள். விடுப்புக் கணக்குச் சீட்டையும் கடைசிப் பத்து மாதச் சம்பளச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு, வருமான வரிக் கணக்கில் விலக்கை நாங்களே காட்டினோம். பிடித்த வரி திரும்ப வந்தது. நகையை மீட்ட கையோடு அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.