கேஜில் 7 கிலோ நிற்கிறது, மெயின் பம்ப் கிளம்பவில்லை: ஸ்பிரிங்க்ளர் போடப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

திருப்பூரில் பனியன் துணி ரோல் வைக்கும் குடோன் எங்களுடையது. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். ஸ்பிரிங்க்ளர் வேலையை ஒரு ஃபயர் கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். பெயரை இங்கே எழுதவில்லை. வேலை முடிந்ததும் பம்ப் ரூமில் தண்ணீர் அழுத்தத்துக்கான கேஜைக் காட்டினார்கள், முள் 7 கிலோவில் அசையாமல் நின்றது. கமிஷனிங் சான்றிதழில் எல்லாக் கட்டத்திலும் டிக். இன்ஷூரன்ஸ் ஆய்வு வருவதற்கு முன்னால் வெளியாள் ஒருவர் பார்த்துவிடட்டும் என்று தனியாக ஒரு ஃபயர் இன்ஜினியரை அழைத்தோம். அவர் வந்திராவிட்டால் இன்றைக்கும் அந்த முள்ளை நம்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.

அவர் கேஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இரண்டாவது மாடிக்குப் போய், பைப் லைன் முடியும் மூலையில் இருக்கும் டெஸ்ட் வால்வைத் திறக்கச் சொன்னார். அந்த வால்வின் வாயில் இருக்கும் துளை ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் ஹெட்டின் அளவு. அதைத் திறப்பதும் தீயில் ஒரு ஹெட் உடைவதும் ஒன்றுதான். தண்ணீர் பீறிட்டு வந்தது. கீழே பம்ப் ரூமில், லைனில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பம்பான ஜாக்கி பம்ப் ஓட ஆரம்பித்தது. 5.5 வரை இறங்கிய கேஜ் 6 கிலோவுக்குப் பக்கத்தில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. ஜாக்கி ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற மெயின் பம்ப் சத்தமே போடவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுதாங்க உங்க சிஸ்டம்" என்றார்.

ஏன் இப்படி என்பதை அவர் அங்கேயே பேப்பரில் போட்டுக் காட்டினார். ஜாக்கி பம்ப் நிமிடத்துக்கு 180 லிட்டர் தள்ளும். எங்கள் ஹெட் 80 கே-ஃபேக்டர் வகை. ஹெட்டில் இருக்கும் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 80-ஆல் பெருக்கினால் அதிலிருந்து கொட்டும் தண்ணீர் வந்துவிடும். 5 கிலோவில் அது கிட்டத்தட்ட 179 லிட்டர். அதாவது ஒரு ஹெட் உடைந்தால் அதற்கு வேண்டிய மொத்தத் தண்ணீரையும் ஜாக்கியே கொடுத்துவிடுகிறது. ஹெட் 9 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதற்கு 0.9 கிலோ சேர்த்தால் பம்ப் ரூம் கேஜில் ஏறக்குறைய 6 கிலோ. இரண்டு ஹெட் உடைந்தால் ஆளுக்கு 90 லிட்டர், அழுத்தம் 1.27 கிலோ, உயரத்தையும் சேர்த்தால் 2.2 வரும்.

பிறகு பேனலைத் திறந்து பிரஷர் ஸ்விட்ச் ஒவ்வொன்றின் ஸ்கேலையும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஜாக்கி 5.5-ல் ஆன், 7-ல் ஆஃப். மெயின் பம்புக்கான ஸ்விட்சின் சிவப்பு முள் 2 கிலோவில் இருந்தது. ஒரு ஹெட் உடைந்தாலும் இரண்டு ஹெட் உடைந்தாலும் அழுத்தம் 2-க்குக் கீழே இறங்காது. மூன்றாவதோ நான்காவதோ உடைந்தால்தான் மெயின் பம்புக்கே சேதி போகும். அதுவரை நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தரும் பம்ப் சும்மா நிற்க, துணி ரோலில் பிடித்த தீயோடு 180 லிட்டர் ஜாக்கி மல்லுக்கட்ட வேண்டும். லீக்கை ஈடுகட்டத்தான் ஜாக்கி, தீயை அணைக்க அல்ல. ஹெட் உடைந்த உடனே ஜாக்கி தோற்க வேண்டும், மெயின் கிளம்ப வேண்டும். செட்டிங் என்பதன் நோக்கமே அதுதான்.

சரியான செட்டிங் எது என்பதை அவர் ஃபயர் பம்புகளுக்கான அமெரிக்கத் தரவிதியான என்எஃப்பிஏ 20 முறைப்படி விளக்கினார். டெலிவரி வால்வை மூடிவைத்து மெயின் பம்பை ஓட்டினால் முள் ஏறி நிற்கும் உச்ச அழுத்தம்தான் அடிப்படை. அதோடு டேங்கில் தண்ணீர் குறைந்தபட்ச அளவில் இருக்கும்போது சக்ஷனில் கிடைக்கும் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். எங்களுக்கு இரண்டும் சேர்ந்து 8.2 கிலோ. அந்த அழுத்தம் வந்ததும் ஜாக்கி ஓடுவதை நிறுத்த வேண்டும். அதற்கு 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 கிலோ கீழே, 7.5-ல் ஜாக்கி கிளம்ப வேண்டும். அதிலிருந்து இன்னொரு 5 பிஎஸ்ஐ இறங்கி 7.15-ல் மெயின் மோட்டார் பம்ப். கரண்ட் இல்லாவிட்டால் ஓடும் டீசல் பம்ப் இன்னும் 10 பிஎஸ்ஐ கீழே 6.45-ல். சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்சில் இவ்வளவு நுணுக்கமாகத் திருக முடியாது, இடைவெளியைக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார். கொஞ்சம் கூட்டுவது வேறு, 7-லிருந்து 2-க்குத் தள்ளுவது வேறு.

ஏன் 2-ல் வைத்தார்கள்? கான்ட்ராக்டர் போனில், "மெயின் சும்மா சும்மா ஓடுனா கரண்ட் பில்லு உங்களுக்குத்தானுங்க ஏறும்" என்றார். உண்மையைச் சொன்னது அவரிடம் வேலை பார்த்த பையன்தான்: "கேட்டுப் பக்கம் மண்ணுக்குள்ள லைன் ஒழுகுதுங்ணா. ஜாக்கி நிமிசத்துக்கு நிமிசம் ஓடுச்சு, நடுவுல மெயினும் கிளம்பீரும். தோண்டோணும்னா சிமெண்ட் தளத்தை ஒடைக்கோணும். அதான் மொதலாளி இறக்கி வெக்கச் சொல்லீட்டாருங்ணா." லீக்கை மறைக்க பம்பையே ஊமையாக்கியிருக்கிறார்கள். ஜாக்கி அடிக்கடி கிளம்பி நிற்பதை உங்கள் பம்ப் ரூமில் கேட்டால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது நான்-ரிட்டர்ன் வால்வ் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைத் தேடுங்கள். செட்டிங்கில் கை வைக்க விடாதீர்கள்.

டீசல் பம்ப் கதை இன்னும் மோசம். அதன் பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் அரை இன்ச் டியூபில் ஒரு சின்ன பால் வால்வ், கைப்பிடி குறுக்கே, அதாவது மூடியபடி. சென்சிங் லைனில் அடைப்பு வால்வே இருக்கக் கூடாது. இன்ஜினியர் ஹெட்டரின் டிரெயினைத் திறந்து அழுத்தத்தைச் சுத்தமாக இறக்கினார். மெயின் கேஜ் பூஜ்ஜியம் காட்டியது, டீசல் பேனலில் இருந்த கேஜ் மட்டும் 7 காட்டிக்கொண்டே இருந்தது. மூடிய வால்வுக்கு மேலே சிக்கிக்கொண்ட அழுத்தம் அது. அந்த ஸ்விட்சுக்கு லைன் காலியானதே தெரியாது, டீசல் எந்தக் காலத்திலும் தானாகக் கிளம்பியிருக்காது. ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனி சென்சிங் லைன், அது அந்தந்தப் பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் ஐசொலேஷன் வால்வுக்கும் நடுவிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் இடத்தில் போய் விரலால் தொட்டுத் தொடர்ந்து பாருங்கள்.

மெயின் பம்ப் 7 கிலோவில் தானாக நிற்கும்படியும் வயர் பண்ணியிருந்தார்கள். தீ நேரத்தில் அது நிற்பதும் கிளம்புவதுமாக மோட்டாரை வறுத்துவிடும். கிளம்புவது தானாக, நிறுத்துவது மனிதக் கையால் என்று மாற்றினோம்.

அடுத்தது டேங்க். எனக்கு அதிகம் வயிறெரிந்தது இதில்தான், காசு அதிகம் போனதும் இதில்தான். எங்கள் டிசைன் தாளில், சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 360 சதுர மீட்டருக்கு, ஆக நிமிடத்துக்கு 1,800 லிட்டர். 60 நிமிடத்துக்கு 1,08,000 லிட்டர். (பண்டல் அடுக்கும் உயரத்தைக் கூட்டினால் இந்த 5 என்ற எண்ணே மாறிவிடும், அதையும் உங்கள் டிசைனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) டேங்க் 6 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். பெருக்கினால் சரியாக 108 கன மீட்டர். பில்லும் அப்படியே.

இன்ஜினியர் டேப்போடு உள்ளே இறங்கினார். 6 மீட்டர் என்பது வெளி அளவு. சுவர் 20 சென்டிமீட்டர் கனம், உள்ளே 5.6-க்கு 5.6, பரப்பு 31.36 சதுர மீட்டர். ஓவர்ஃப்ளோ பைப் மேல் ஸ்லாபுக்கு 30 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது, அதற்கு மேல் தண்ணீர் ஏறாது. 8 இன்ச் சக்ஷன் பைப்பைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரில் மையமாக வைத்து நுழைத்திருக்கிறார்கள். அடியில் குழியும் இல்லை, சுழி தடுக்கும் பிளேட்டும் இல்லை. பைப்பின் மேல் விளிம்பு 55 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலும் ஒரு அடி தண்ணீர் நிற்காவிட்டால் சுழி விழுந்து பம்ப் காற்றை இழுக்கும். ஆக அடியில் 85 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தும் இல்லாத மாதிரி. 3 மீட்டரில் மிச்சம் 1.85 மீட்டர். உபயோகப்படும் தண்ணீர் 58,000 லிட்டர், 1,800 வீதம் 32 நிமிடம். 60 நிமிடத்துக்குக் காசு கொடுத்து 32 நிமிடம் வாங்கியிருக்கிறோம்.

அந்த 32-ம் நிச்சயமில்லை. கேன்டீனுக்கும் கக்கூஸுக்கும் போகும் லைனை இதே டேங்கில் கிட்டத்தட்ட அடிமட்டத்திலிருந்து எடுத்திருந்தார்கள். லாரித் தண்ணீர் தாமதமாகும் நாளில் தீக்கான தண்ணீரையும் சேர்த்து நாங்களே செலவழித்துக்கொண்டிருந்தோம். பொது உபயோக லைன், தீக்கென்று ஒதுக்கிய மட்டத்துக்கு மேலே இருந்துதான் கிளம்ப வேண்டும்.

திருத்திய விதம் இதுதான். டேங்கின் ஓரத்தில் குழி வெட்டி சக்ஷனை அதற்குள் இறக்கி, சுழி தடுக்கும் பிளேட் வைத்தோம். செத்த தண்ணீர் 85-லிருந்து 20 சென்டிமீட்டருக்கு வந்தது, அதில் மட்டும் 20,000 லிட்டர் மீண்டது. இருந்தும் 78,000-தான். பாக்கி 30,000 லிட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு டேங்க் கட்டி அடியில் பைப்பால் இணைத்தோம். கேட்டுப் பக்கம் தளத்தை உடைத்து, ஒழுகிய பைப்பை மாற்றினோம். கான்ட்ராக்டர் கமிஷனிங் சான்றிதழைக் காட்டி, வேலை முடிந்துவிட்டது, பாக்கியைக் கொடுங்கள் என்று இன்னமும் கேட்கிறார். கொடுக்கப்போவதில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டோம்.

புது ஆளுக்குக் கொடுத்த ஆர்டரில் நாங்கள் எழுதியதை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டேங்க் கொள்ளளவு என்றால் உள் அளவில், ஓவர்ஃப்ளோவுக்குக் கீழே, சக்ஷன் காற்று இழுக்காத மட்டத்துக்கு மேலே உள்ள தண்ணீர் மட்டும். கடைசி மாடி டெஸ்ட் வால்வை எங்கள் எதிரில் திறந்ததும் மெயின் பம்ப் தானாகக் கிளம்ப வேண்டும். மெயின் பம்பின் கரண்டை அணைத்துவிட்டு அதே வால்வை மறுபடி திறந்தால் டீசல் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது கேஜ் காட்டும் எண்ணைப் பேனல் கதவில் எழுதி ஒட்ட வேண்டும். பம்பை அதன் 150 சதவீத ஓட்டத்தில் ஓட்டும்போது அழுத்தம் பெயர்ப்பலகையில் உள்ளதில் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இத்தனையும் பார்த்த பிறகுதான் கடைசித் தவணை.